'மனிதப் பிழை' என்று எழுதினால் அறிக்கை திரும்பி வரும்

ஆய்வக அறிக்கைக்கு 20-க்கு 14 என்று போடுவதை நான் விட்டுவிட்டேன். என்னிடம் வரும் அறிக்கைக்கு இப்போது இரண்டு முடிவுகள்தான் உண்டு: தேறியது, அல்லது திருத்தித் தரவும். திருத்தி வந்ததை மறுபடி படிப்பேன். முதல் தடவையே தேறிய அறிக்கைக்கும் இரண்டாம் தடவை தேறிய அறிக்கைக்கும் மதிப்பு ஒன்றே.

இதைக் கேட்டதும் பலர் முதலில் கேட்பது, "அப்போ எல்லாருக்கும் பாஸ் போட்டுவிடுவீர்களா?" என்பதுதான். இந்த முறையின் பலமும் பலவீனமும் அந்தக் கேள்விக்குள்தான் இருக்கிறது. அதனால் ஒரே ஒரு அறிக்கையை எடுத்துக்கொண்டு முழுதாகச் சொல்கிறேன்.

தனி ஊசல் சோதனை எல்லோருக்கும் நினைவிருக்கும். நூலில் ஒரு குண்டைக் கட்டி ஆடவிட்டு, அலைவுகளின் நேரத்தை அளந்து, T² = 4π²L/g என்ற சமன்பாட்டிலிருந்து புவியீர்ப்பு முடுக்கத்தைக் கண்டுபிடிப்போம். ஒரு மாணவி நூலின் நீளம் 48.5 செ.மீ. என்று அளந்திருந்தாள். 20 அலைவுகளுக்கு 28.4 வினாடி, ஆக ஓர் அலைவுக்கு 1.42 வினாடி. கணக்குப் போட்டால் g 9.5 வருகிறது. அவள் முடிவுரையில் எழுதியது இது: "எதிர்பார்த்த மதிப்பு 9.8. வேறுபாட்டுக்கு மனிதப் பிழை காரணம்."

பழைய முறையில் இதற்கு என்ன நடக்கும்? அட்டவணை சுத்தமாக இருக்கிறது, கணக்கு சரி, விடையும் பக்கத்தில் வந்துவிட்டது. முடிவுரைக்கு மட்டும் கொஞ்சம் குறைத்து 14 போடுவோம். அவளும் 14-ஐப் பார்த்துவிட்டுத் தாளை மூடி வைத்துவிடுவாள். ஓரத்தில் நான் எழுதியதை அவள் படிக்க வேண்டிய அவசியமே இல்லை, ஏனென்றால் அந்தக் கதை முடிந்துவிட்டது. 1988-இல் ரூத் பட்லர் வெளியிட்ட ஆய்வு இதைத்தான் காட்டியது. கருத்து மட்டும் பெற்ற மாணவர்களுக்கு ஆர்வமும் தரமும் நிலைத்தன. கருத்தோடு மதிப்பெண்ணும் பெற்றவர்கள், மதிப்பெண் மட்டும் பெற்றவர்களைப் போலவே நடந்துகொண்டார்கள். எண் வந்ததும் எழுத்து காணாமல் போகிறது.

இப்போதைய முறையில் அறிக்கைக்கான நிபந்தனைகள் சோதனைக்கு முன்பே அவர்கள் கையில் இருக்கும். நான்கே நான்குதான். எடுத்த அளவுகள் எல்லாம் அலகோடு அட்டவணையில் இருக்க வேண்டும். அட்டவணையிலிருந்து விடை வரைக்கும் இன்னொரு மாணவர் தானே கணக்குப் போட்டுப் பின்தொடர முடிய வேண்டும். விடையோடு பிழை வரம்பு இருக்க வேண்டும். நான்காவது: ஏற்கப்பட்ட மதிப்பு அந்த வரம்புக்கு வெளியே விழுந்தால், ஒரு குறிப்பிட்ட காரணத்தைச் சொல்லி, அது விடையை எந்தப் பக்கம், எவ்வளவு தள்ளும் என்று கணக்கிட்டுக் காட்ட வேண்டும்.

"பிழைகளை ஆழமாக விவாதிக்கவும்" என்று எழுதியிருந்தால் இந்த முறை முதல் வாரமே குலைந்திருக்கும். எது ஆழம் என்று நானும் மாணவரும் சண்டை போட்டுக்கொண்டே இருப்போம். எந்தப் பக்கம், எவ்வளவு என்று கேட்டுவிட்டால் சண்டைக்கு இடமில்லை. இருக்கிறதா இல்லையா என்று மாணவரே பார்த்துச் சொல்லிவிடலாம். நிபந்தனை நன்றாக எழுதப்பட்டதா என்று தெரிந்துகொள்ள நான் செய்வது, பழைய அறிக்கை ஒன்றைப் பெயர் நீக்கி வகுப்பில் கொடுத்து, இது தேறுமா என்று கேட்பது. வகுப்பு இரண்டாகப் பிரிந்து நின்றால் குறை நிபந்தனையில் இருக்கிறது.

சரி, அந்த மாணவிக்கு வருவோம். மூன்றாவதும் நான்காவதும் இல்லாததால் அறிக்கை திரும்பிப் போனது. நான் எழுதியது ஒரே வரி: "நிறுத்துக் கடிகாரத்தை அழுத்துவதில் 0.2 வினாடி பிசகினால் உன் g எவ்வளவு மாறும்?"

அவள் உட்கார்ந்து போட்டாள். 28.4-இல் 0.2 என்பது ஏறத்தாழ 0.7 சதவீதம். சமன்பாட்டில் T இரண்டாம் அடுக்கில் இருப்பதால் g-இல் அது 1.4 சதவீதமாகிறது, அதாவது 0.13. அவள் விடை 9.5, வரம்பு 0.13. மேலே எவ்வளவு போனாலும் 9.63-தான். 9.8 எட்டவில்லை. கை தாமதித்தது என்ற சமாதானம் அவள் கணக்காலேயே உடைந்துபோனது.

அப்புறம்தான் அவள் மறுபடி ஆய்வகத்துக்குப் போனாள். நூலைத் தாங்கியிலிருந்து குண்டின் மேல்முனை வரைக்கும்தான் அளந்திருந்தாள். நீளத்தைக் குண்டின் மையம் வரை எடுக்க வேண்டும். குண்டின் விட்டம் 3 செ.மீ., ஆக 1.5 செ.மீ. விடுபட்டிருக்கிறது. நீளம் 50.0 என்று வைத்துக் கணக்கிட்டால் 9.8 வந்து நிற்கிறது. நீளம் குறைந்தால் g குறையும், எனவே பிழையின் திசையும் பொருந்துகிறது. இரண்டாம் அறிக்கையில் இதையெல்லாம் எழுதியதோடு, நானே கேட்காத ஒன்றையும் சேர்த்திருந்தாள்: பல நீளங்களில் அளந்து T²-ஐ L-க்கு எதிராக வரைபடம் போட்டுச் சாய்விலிருந்து g எடுத்திருந்தால், ஒரே அளவாக விடுபட்ட அந்த 1.5 செ.மீ. சாய்வைத் தொட்டிருக்காது என்று. முதல் அறிக்கைக்கு 14 போட்டு அனுப்பியிருந்தால் இது எதுவும் அவளுக்குக் கிடைத்திருக்காது.

இந்தச் சிந்தனை புதிது இல்லை. 1968-இல் ஃபிரெட் கெல்லர், ஒரு பாடப் பகுதியில் முழுத் தேர்ச்சி பெற்ற பிறகே அடுத்ததற்குப் போகலாம் என்ற முறையை எழுதினார். அதே ஆண்டில் பெஞ்சமின் ப்ளூமும் தேர்ச்சிக் கற்றலைப் பற்றி எழுதினார். நிபந்தனைகளை வைத்து மதிப்பிடும் முறையை லிண்டா நில்சன் 2015-இல் விரிவாக எடுத்துச் சொன்னார். பீட்டர் எல்போவும் ஜேன் டேனியலெவிச்சும் 2009-இல் விவரித்த கிரேடு ஒப்பந்தத்தில், சொன்ன வேலைகளை எல்லாம் செய்தவருக்கு பி உறுதி. அதற்கு மேலே போவதற்குத்தான் தரம் பார்ப்பார்கள். அசாவ் இனோவே அதையும் தாண்டி, செலுத்திய உழைப்பை மட்டும் கணக்கில் எடுக்கச் சொல்கிறார். எழுத்து வகுப்புக்கு அதில் ஒரு நியாயம் உண்டு. ஆய்வகத்தில் எனக்கு அது ஒப்பவில்லை. எத்தனை மணி நேரம் உழைத்தாலும் குண்டின் மையம் வரை அளக்காத நீளம் தவறான நீளம்தான். போதாததற்கு, ஒரே அறிக்கைக்கு ஒருவருக்கு இரண்டு மணி நேரமும் இன்னொருவருக்கு ஆறு மணி நேரமும் ஆகும்போது உழைப்பை அளப்பது மெதுவாக வேலை செய்பவர்களையும் வேலைக்குப் போய்க்கொண்டே படிப்பவர்களையும்தான் அடிக்கும்.

என் ஒப்பந்தம் எளிமையானது. பருவத்தில் பத்து அறிக்கைகள். ஒன்பது தேறி, தானே வடிவமைத்த ஒரு சோதனையும் தேறினால் ஏ. எட்டு தேறினால் பி, ஆறு தேறினால் சி. முதல் நாளே இது கையில் கிடைத்துவிடும். தேறுவதற்கான கோடு எங்கே இருக்கிறது என்பதுதான் முக்கியம். பழைய கணக்கில் 20-க்கு 8 வாங்கினால் போதும் என்ற இடத்தில் கோட்டைப் போட்டுவிட்டால், எல்லாருக்கும் பாஸ் போட்டுவிடுவேனோ என்று முதலில் கேட்டவர்களின் பயம் நிஜமாகிவிடும். நல்ல பி வாங்கும் அறிக்கை எப்படி இருக்குமோ அங்கே போட வேண்டும். அப்படிப் போட்டால் முதல் தடவையில் பாதிப் பேர் திரும்பி வருவார்கள். திருத்த வழி இருப்பதால்தான் கோட்டை அவ்வளவு உயரத்தில் வைக்க முடிகிறது.

இனி, இந்த முறை எங்கே உடைகிறது என்பதைச் சொல்ல வேண்டும். எத்தனை தடவை வேண்டுமானாலும், எப்போது வேண்டுமானாலும் திருத்தலாம் என்று விட்டால் உடைகிறது. கெல்லரின் முறையைப் பின்பற்றிய வகுப்புகளிலேயே தள்ளிப்போடுவது பெரிய தொல்லையாக இருந்தது. கடைசி இரண்டு வாரத்தில் அறிக்கைகள் குவியும். ஆசிரியரால் ஒழுங்காகப் படிக்க முடியாது, மாணவருக்கு மூன்று மாதத்துக்கு முன் செய்த சோதனை நினைவிருக்காது. அதனால் நான் டோக்கன் வைத்திருக்கிறேன். ஒவ்வோர் அறிக்கைக்கும் ஒரு திருத்தம் இலவசம், ஒரு வாரத்துக்குள் வர வேண்டும். அதற்கு மேல் இன்னொரு திருத்தத்துக்கோ கூடுதல் வாரத்துக்கோ ஒரு டோக்கன். பருவத்துக்கு மூன்று டோக்கன். உடம்பு சரியில்லை என்றால் சான்றிதழ் கேட்பதில்லை, டோக்கனைக் கொடுத்தால் போதும். மூன்றும் தீர்ந்த பிறகு உண்மையிலேயே இக்கட்டில் மாட்டியவர் என்னிடம் வந்து பேசலாம், பேசியிருக்கிறார்கள்.

ஆசிரியரின் நேரத்தையும் கணக்குப் பார்க்க வேண்டும். 40 பேர், பத்து அறிக்கை, ஆக 400 வாசிப்பு. பாதி திரும்பி வந்தால் இன்னும் 200. ஒன்றுக்கு 12 நிமிடம் என்றால் கூடுதலாக 40 மணி நேரம், அதை யாராலும் தாங்க முடியாது. திருத்தி வரும் அறிக்கையோடு, என்ன மாற்றினேன், ஏன் மாற்றினேன் என்று அரைப் பக்கக் குறிப்பு கட்டாயம் என்று வைத்தால் இரண்டாம் வாசிப்பு 4 நிமிடத்தில் முடிகிறது. 40 மணி 13-ஆகக் குறைகிறது. அந்தக் குறிப்புக்கு இன்னொரு பயனும் உண்டு. நான் சுட்டிய வரியை மட்டும் மாற்றிவிட்டு மற்றதைத் தொடாமல் தருபவர்களை அது காட்டிக் கொடுத்துவிடும். "நீங்கள் சொன்னபடி திருத்தியிருக்கிறேன்" என்று மட்டும் குறிப்பில் இருந்தால், அவர் எதையும் யோசிக்கவில்லை என்று புரிந்துகொள்வேன். அந்த அறிக்கையில் மாறிய விடைக்கும் பழைய முடிவுரைக்கும் முரண்பாடு இருப்பதைப் பெரும்பாலும் பார்த்திருக்கிறேன்.

மாணவர் பக்கம் மட்டும் பார்த்தால் போதாது. மூன்றாம் தடவையாக அதே அறிக்கை மேசைக்கு வரும்போது ஆசிரியருக்கும் அலுப்பு வரும், பரவாயில்லை தேறட்டும் என்று கை தானாகப் போகும். அப்படி ஒருமுறை விட்டுவிட்டால், முதல் தடவையே ஒழுங்காக எழுதியவருக்கு நாம் செய்யும் அநியாயம் அது. இதைக் கண்டுபிடிக்க ஒரு வழி வைத்திருக்கிறேன். முதல் தடவையே தேறிய சில அறிக்கைகளையும் மூன்றாம் தடவை தேறிய சில அறிக்கைகளையும் பெயரும் தேதியும் நீக்கிக் கலந்து, உடன் பணிபுரியும் ஒருவரிடம் நான்கு நிபந்தனைகளோடு கொடுப்பேன். எது எந்தக் கட்டு என்று அவரால் பிரிக்க முடிந்தால் என் கோடு இறங்கியிருக்கிறது என்று பொருள். அந்தப் பருவத்தின் மீதி அறிக்கைகளை அவரும் நானும் மாற்றி மாற்றிப் படிப்போம்.