"ஒரு சதவீதம்தானே சார்" என்ற தம்பிக்கு

ஞாயிற்றுக்கிழமை ஐந்து ரோடு பக்கம் நடந்த கூட்டத்தில், ஓய்வு பெற்றவர்களின் பென்ஷன் குறைந்தது பற்றி அந்தத் தம்பி மைக்கில் பேசியதை நிறையப் பேர் வீடியோவில் பார்த்திருப்பீர்கள். "வட்டி ஒரு சதவீதம்தானே சார் குறைஞ்சிருக்கு, அதுக்கு எதுக்கு இவ்வளவு புலம்பல்?" கைதட்டல் வேறு.

ஒரு சதவீதம் இல்லை தம்பி. ஏழில் ஒரு பங்கு.

என் நண்பர் 2014-ல் ஓய்வு பெற்றார். என் மச்சான் 2020-ல். இருவருக்கும் கையில் வந்தது 20 லட்சம்தான். இருவரும் வாங்கியது ஒரே மாதிரி ஆன்யுட்டி. ஆயுள் முழுக்க பென்ஷன், காலத்துக்குப் பிறகு போட்ட பணம் பிள்ளைகளுக்கு. நண்பருக்குச் சுமார் ஏழு சதவீதம், மாதம் 11,600 சொச்சம். மச்சானுக்கு ஆறு, மாதம் 10,000. நண்பரின் தொகையை எட்ட மச்சான் 23 லட்சத்துக்கு மேல் போட்டிருக்க வேண்டும். அந்த மூன்று லட்சத்தை அவர் எங்கே போய்ச் சம்பாதிப்பார், ஏற்காட்டில் மிளகு பறித்தா?

காரணம் எளிது. இன்சூரன்ஸ் கம்பெனி நம் பணத்தைப் பெரும்பாலும் நீண்டகால அரசுப் பத்திரங்களில் போட்டு அந்த வட்டியிலிருந்துதான் நமக்குத் தருகிறது. 2014-ல் பத்தாண்டுப் பத்திரம் எட்டு சதவீதத்துக்கு மேல் தந்தது. 2020-ல் ஆறை ஒட்டி வந்துவிட்டது. வாங்கிய நாளின் விகிதம்தான் ஆயுளுக்கும். பின்னால் வட்டி ஏறினாலும் மச்சானுக்குப் பத்தாயிரம்தான்.

"பணம் திரும்ப வேண்டாம் என்று எடுத்திருந்தால் அதிகம் கிடைக்குமே" என்பீர்கள். சரி, கிடைக்கும். அதில் அசலும் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைந்து வருவதால் வட்டி இறங்கியதன் அடியும் குறைவு. இருபது வருடக் கணக்கில், செலவெல்லாம் விட்டுவிட்டுப் பார்த்தால், ஏழுக்கு மாதம் சுமார் 15,500, ஆறுக்கு 14,300. ஆனால் மச்சான் காலத்துக்குப் பிறகு அவர் சம்சாரமான என் அக்காவுக்கென்று ஒன்றும் மிஞ்சாதே? இருவர் ஆயுளுக்கும் என்று கேட்டால் தொகை மறுபடி இறங்கும்.

"விலைவாசி ஏற்றமும் குறைந்திருக்குமே" என்று ஒருவர் கமெண்டில் எழுதுவார். குறைந்தால் விலை மெதுவாக ஏறும், அவ்வளவுதான். இறங்காது. மச்சானின் மாத்திரைச் சீட்டு என்னிடம் இருக்கிறது, வேண்டுமானால் வந்து பார்க்கட்டும்.

எஃப்டி போடலாமே என்பவர்களுக்கு: முதிர்வில் புது வட்டிதான் கிடைக்கும், அதுவும் இறங்கியிருக்கலாம். ஆன்யுட்டியை மொத்தமாக வாங்காமல் சில வருடங்களில் பிரித்துப் பிரித்து வாங்கலாம் என்பது நியாயமான யோசனை. ஆனால் அடுத்த மாத வாடகை காத்திருக்குமா?

வட்டி குறைந்தால் வீட்டுக்கடன் தவணை குறையும், எனக்குத் தெரியும். அந்தத் தம்பிக்கு வீட்டுக்கடன் இருக்கிறதாம், சந்தோஷம். ஆனால் "இவங்களுக்குப் பணத்தை ஒழுங்காப் போடத் தெரியல" என்று மேடையில் சிரித்தாரே, அதுதான் மனசு ஆறவில்லை. முப்பது வருடம் ஷிப்ட் பார்த்த மனுஷன் மச்சான். முதல் வரிசையில்தான் உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்ற வருடத்தை அவரா தேர்ந்தெடுத்தார்?