திரை போட்ட பிறகு காதில் விழுவது

கோயில் வாத்தியங்களை விளக்குகிறேன் என்று வரும் குட்டி வீடியோக்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. ஒருவர் மூச்சு விடாமல் பேசிக்கொண்டே போவார். இது நாதஸ்வரம், ஆச்சா மரம், கீழே இருப்பது அனசு, மேலே சீவாளி, இது தவில், பலா மரம். எல்லாம் சரியான தகவல்தான். ஆனால் பின்னணியில் ஓடுவது வேறெங்கோ எடுத்த ஏதோ ஒரு இசை. நாதஸ்வரத்தைப் பற்றிச் சொல்லும்போதே நாதஸ்வரச் சத்தத்தைக் குறைத்துவிட்டு இவர் குரலை ஏற்றி வைத்திருப்பார். கடைசியில் அந்த மணி பூஜையில் எந்த இடத்தில் அடிக்கிறது, அடித்ததும் மேளக்காரர் என்ன செய்கிறார், ஏன் செய்கிறார் என்பதற்குப் பதிலே இருக்காது. மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிக்குள் இருப்பதைப் பார்த்துவிட்டு வந்த மாதிரி இருக்கும்.

நானும் போன வருஷம் அப்படி ஒன்று எடுக்கப் போய் முதல் தடவை நன்றாகச் சொதப்பினேன். அதைத்தான் எழுதப் போகிறேன், கொஞ்சம் நீளமாகவே.

முதல் சிக்கல் கேமராவுக்கு. மூலவரைப் படம் எடுக்கக் கூடாது, அது எல்லோருக்கும் தெரியும். அது போக 2022 டிசம்பரில் உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை கோயில்களில் செல்போனைத் தடை செய்யச் சொன்ன பிறகு, பல இடங்களில் வாசலிலேயே போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். நான் போனது ஒரு சின்ன சிவன் கோயில். குருக்களும் நிர்வாகத்தில் இருப்பவரும் ஒரே ஒரு நிபந்தனையோடு அனுமதி கொடுத்தார்கள்: நந்திக்குப் பின்னால் நின்று எடுக்க வேண்டும், திரை திறக்கும்போது கேமரா உள்பக்கம் பார்க்கக் கூடாது. அப்போது எனக்கு ஏமாற்றமாக இருந்தது. முக்கியமான காட்சியே இல்லாமல் என்ன வீடியோ?

அங்கே உட்கார்ந்து இரண்டு நாள் சாயரட்சை பூஜையைக் கவனித்த பிறகுதான் ஒன்று உறைத்தது. மேளக்காரர்களுக்கும் அந்தக் காட்சி தெரியாது. அவர்கள் மண்டபத்தின் ஓரத்தில், தூணுக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்கள். உள்ளே குருக்கள் என்ன செய்கிறார் என்பது அவர்களுக்குக் காது வழியாகத்தான் போகிறது. கூட்டத்தில் பின்னால் நிற்கும் பாட்டிக்கும் அப்படித்தான். திரை போட்டுவிட்டால் பூஜை சத்தமாக மட்டும்தான் வெளியே வருகிறது. அப்படியானால் கேமரா திரையையே பார்த்துக்கொண்டிருந்தால் போதும், மிச்சத்தைச் சத்தம் சொல்லிவிடும். இரண்டு நிமிஷம் நாற்பது நொடி, ஒரே ஷாட், முழுக்க மூடிய திரை. திறக்கும் நேரம் வந்ததும் கேமராவைத் தவில்காரர் கை பக்கம் திருப்பிவிடுவது. இதுதான் திட்டம்.

அந்த இரண்டே முக்கால் நிமிஷத்துக்குள் என்ன கேட்கிறது என்று சொல்கிறேன்.

அபிஷேகம் முடிந்து திரை போட்டாயிற்று, உள்ளே அலங்காரம் நடக்கிறது. வெளியே நாயனம் மட்டும் நிதானமாக ராகம் இழுத்துக்கொண்டிருக்கிறது. சாயங்காலம் என்பதால் கல்யாணி. காலையில் போயிருந்தால் பூபாளமோ பௌளியோ கேட்டிருக்கும், இரவு பள்ளியறைக்கு என்றால் நீலாம்பரி. பழக்கமுள்ளவருக்குக் கடிகாரமே வேண்டாம். தவில் அநேகமாகச் சும்மா இருக்கிறது, அங்கங்கே ஒரு தட்டு. இதன் அர்த்தம் "காத்திருங்கள், அவசரம் இல்லை" என்பதுதான். பிறகு உள்ளேயிருந்து கைமணி, மெல்லிசாக. நைவேத்தியம் ஆகிறது. கைமணியில் பெரிய தத்துவமெல்லாம் சொல்லுவார்கள், தேவர்கள் வரவும் ராட்சதர்கள் போகவும் மணி அடிக்கிறேன் என்று பொருள் வரும் சுலோகமே இருக்கிறது. அது ஒரு பக்கம். நடைமுறையில் அந்த மணிதான் வெளியில் இருப்பவர்களுக்கு வரும் தகவல். மணி கேட்டதும் நாயனக்காரர் பிடித்திருந்த சங்கதியை முடித்துக்கொண்டு ஸ்வரத்தை இறக்குகிறார். தவில்காரர் வாரைத் தோளில் சரி செய்துகொண்டு கையைத் தயாராக வைக்கிறார். இந்த ஐந்தாறு நொடியில் மணியைத் தவிர கிட்டத்தட்ட வேறு சத்தமே இல்லை.

அப்புறம் திரை விலகுகிறது. கண்டாமணிக் கயிற்றை யாரோ இழுக்கிறார்கள், தவில் கெட்டி மேளமாக விழுகிறது, நாயனம் மேல் ஸ்தாயியில் ஏறுகிறது, எல்லாம் ஒரே நேரத்தில். கல்யாணத்தில் தாலி கட்டும்போது கேட்கிறோமே, அதே கெட்டி மேளம்தான். உள்ளே குருக்கள் வலது கையில் தீபம், இடது கையில் மணி. இத்தனை இரைச்சலிலும் அந்தக் கைமணியின் மெல்லிய ஒலி தனியாகக் கேட்டுக்கொண்டே இருக்கும், அது நிற்கும்போது ஒரு தீபம் முடிந்தது என்று தெரியும். கற்பூர ஆரத்தி ஆனதும் எல்லாம் சட்டென்று நின்றுவிடும். அந்த அமைதியில் ஓதுவார் தேவாரத்தைத் தொடங்குவார். (கோயிலுக்குக் கோயில் இந்த வரிசை கொஞ்சம் மாறும், நான் எடுத்த இடத்தில் இப்படி.)

சரி, முதல் தடவை எங்கே சொதப்பல்? போனிலேயே எடுத்தேன். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் படம் நன்றாக இருக்கிறது, சத்தமும் தெளிவாகத்தான் இருக்கிறது, ஆனால் எதுவுமே நடக்கவில்லை. என் அத்தையிடம் காட்டினேன். அவருக்குப் பார்வை மங்கல், அதனால் காதால்தான் கேட்டார். "எல்லாம் ஒரே சத்தமா இருக்கேடா, எப்போ திரை எடுத்தாங்க?" என்றார்.

காரணம் போன் தானாகச் செய்யும் ஒரு வேலை. சத்தம் குறைவாக இருந்தால் மைக்கின் அளவை ஏற்றிவிடும், அதிகமானால் இறக்கிவிடும். பேச்சுக்கு இது நல்லது. பூஜைக்கு இது விஷம். தனியாகக் கேட்கும் கைமணியைப் பெரிதாக்கிவிட்டது, கெட்டி மேளம் விழுந்ததும் மொத்தத்தையும் அமுக்கிவிட்டது. இரண்டும் ஒரே உயரத்துக்கு வந்துவிட்டன. மெல்லிசிலிருந்து பெரும் சத்தத்துக்குத் தாவும் அந்தத் தாவலில்தான் "திரை திறந்தது" என்ற செய்தியே இருக்கிறது, போன் அதைச் சமன் செய்து தூக்கிப் போட்டுவிட்டது. இன்னொன்றும் செய்திருந்தது. இரைச்சல் நீக்கும் வசதி, மாறாமல் ஒரே சீராகக் கேட்கும் ஒலியை மின்விசிறிச் சத்தம் மாதிரி எடுத்துக்கொள்ளும். நாயனத்துக்குப் பின்னால் விடாமல் ஓடும் சுருதியை அது பாதி தின்றிருந்தது. சுருதி போனதும் நாயனம் அந்தரத்தில் தொங்குகிற மாதிரி இருந்தது.

இரண்டாம் தடவை ஒரு சின்ன ஒலிப்பதிவுக் கருவி கடன் வாங்கிப் போனேன். தானாக ஏற்றி இறக்குவதை அணைத்தேன், இரைச்சல் நீக்குவதையும் அணைத்தேன். பூஜைக்கு முன்னால் தவில்காரரிடம் கேட்டுக்கொண்டேன், "அண்ணே, கெட்டி மேளம் எப்படி விழுமோ அப்படிப் பத்து நொடி வாசிச்சுக் காட்டுங்க." அவர் சிரித்துக்கொண்டே வாசித்தார். அந்த உச்சத்துக்கு மீட்டர் மைனஸ் 6 டெசிபலைத் தாண்டாத மாதிரி அளவை வைத்துவிட்டு அதற்குப் பிறகு கையே வைக்கவில்லை. கைமணி வரும்போது மீட்டர் ரொம்பக் கீழே கிடந்தது, பயமாகத்தான் இருந்தது. அப்படித்தான் கிடக்க வேண்டும். கருவியை நாயனத்தின் அனசுக்கு நேராக வைக்காமல் பக்கவாட்டில், ஐந்தாறு மீட்டர் தள்ளி வைத்தேன். திறந்த வீதியில் கேட்க வேண்டும் என்றே செய்த வாத்தியம் அது, நேராகப் போய் நின்றால் மைக் உடைந்த மாதிரி கரகரக்கும்.

அத்தைக்கு மறுபடி போட்டேன். கல்யாணிக்குத் தலையாட்டினார். கைமணி வந்ததும் பேச்சை நிறுத்தினார். மேளம் விழுந்த நொடியில் இரண்டு கையும் தானாகக் கன்னத்துக்குப் போனது. சோபாவில் உட்கார்ந்தபடி!

இதே முறையில் சுவாமி புறப்பாட்டையும் எடுத்துப் பார்த்தேன், அங்கே ஒரு விஷயம் மட்டும் சொல்கிறேன். புறப்பாட்டுக்கு வாசிப்பது மல்லாரி. கம்பீர நாட்டை ராகம், பாட்டு வரிகளே கிடையாது, தாளக் கணக்குதான். தீர்த்தம் கொண்டு வர, மடைப்பள்ளியிலிருந்து தளிகை வர, தேருக்கு என்று தனித்தனி மல்லாரிகள் உண்டு. எது வாசிக்கிறார்கள் என்று தெரிந்தால் எது வருகிறது என்று தெருக்கோடியில் இருப்பவருக்கும் தெரியும். வார்த்தையே இல்லாத இந்த இசையின் மேல் போய் ஆள் குரலை ஏற்றினால் எப்படி? விளக்கம் வேண்டும் என்றால் இரண்டு வரி எழுத்தாகக் கீழே போடுங்கள். இன்னொரு சின்னக் கணக்கு: அறுபது மீட்டர் தள்ளி நின்று ஜூம் போட்டு, அங்கேயே சத்தமும் பதிவு செய்தால், ஒலி வந்து சேர நொடியில் ஆறில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் கூடுதலாக ஆகிறது. தவில் குச்சி தோலில் பட்டு, நாலு பிரேம் கழித்துச் சத்தம் வரும். பார்ப்பவருக்கு என்ன தப்பு என்று தெரியாது, ஆனால் ஏதோ டப்பிங் மாதிரி இருக்கிறதே என்பார். எடிட்டிங்கில் ஒலியை அந்த நாலு பிரேம் முன்னால் இழுத்துவிட்டால் சரி.

அப்புறம் அந்த மோட்டார் மேளம். சுவிட்சைப் போட்டால் முரசும் மணியும் சேர்ந்து தடதடவென்று அடிக்குமே, அது. அதைத் திட்டி எழுத எனக்கு மனசு வரவில்லை, தினமும் இரண்டு மேளக்காரர்களுக்குச் சம்பளம் கொடுக்க முடியாத கோயில்கள்தான் அதிகம். ஆனால் அது உள்ளேயிருந்து வரும் கைமணியைக் கேட்காது, மாறாக அதை மூழ்கடித்துவிடும். தொடங்கியது, நின்றது என்ற இரண்டு செய்திதான் அதற்குச் சொல்லத் தெரியும். என் வீடியோவின் கடைசியில் எட்டு நொடி அதையும் சேர்த்தேன், ஒரு வார்த்தை விமர்சனம் இல்லாமல். வித்தியாசம் கேட்பவர்களுக்கே புரிகிறது.

போட்ட பிறகு நண்பர் ஒருவர் கேட்டார், இரண்டே முக்கால் நிமிஷம் யாரும் பார்க்க மாட்டார்கள், முப்பது நொடியாக வெட்டிக் கொடு என்று. கொடுத்தேன். ஆனால் அவர் எதிர்பார்த்த மாதிரி கெட்டி மேளத்தில் தொடங்கவில்லை. பதினெட்டு நொடி மூடிய திரையும் நாயனமும், ஆறு நொடி கைமணி, மேளத்துக்கு மிச்சம் ஆறே நொடி. "முதல் பதினெட்டு நொடியில ஒண்ணுமே நடக்கலையே" என்றார். ஆமாம், திரை போட்டிருக்கிறதே.