ஒளி குறைந்தாலே கோள் ஆகிவிடாது

"நட்சத்திர ஒளி 1% குறைஞ்சா, வியாழன் சைஸ் கோள் உறுதி."

உறுதி இல்லைங்க. சூரியன் மாதிரி நட்சத்திரத்தை வியாழன் அளவு கோள் மறைத்தால் 1% குறையும், அது சரி. ஆனால் இப்படி ஒளி குறைவதை வைத்துக் கோள்களைத் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு பிக்சல் வானத்தில் 21 விகலை அகலம். பக்கத்து நட்சத்திரங்களின் ஒளியும் அதற்குள் கலந்துவிடும். மொத்த ஒளியில் 2% மட்டுமே தரும் மங்கலான இரட்டை நட்சத்திரம் ஒன்றையொன்று மறைத்துப் பாதியாக மங்கினாலும் அதே 1% பள்ளம்தான் தெரியும்!

அதனால்தான் ஒற்றைப்படை, இரட்டைப்படை மறைப்புகளின் ஆழத்தை ஒப்பிடுகிறார்கள். மாறி மாறி வேறுபட்டால் பெரும்பாலும் இரட்டை நட்சத்திரம். மங்கும்போது ஒளியின் மையம் நகர்கிறதா என்பதையும் பார்ப்பார்கள்.

கோளின் ஈர்ப்பால் நட்சத்திரம் நம்மை நோக்கியும் விலகியும் ஆடும் வேகத்தை அளக்கும் ஆர வேக அளவீடும் நல்ல வழிதான். ஆனால் மங்கலான நட்சத்திரங்களுக்கு அதற்குப் போதுமான ஒளி கிடைக்காது. அவற்றில் தெரிந்த பல பள்ளங்கள் இன்னும் உறுதியாகாத கோள் வேட்பாளர் பட்டியலிலேயே நிற்கின்றன.