விலைச்சீட்டில் ஒரு வரி, ரசீதில் ஒரு வரி

பொருளின் விலைக்குள்ளேயே அடங்கிய வரியை மக்கள் உணர்வதில்லை என்றும், தனியாகத் தெரியும் வரியைத்தான் எதிர்க்கிறார்கள் என்றும் அடிக்கடி சொல்லப்படுகிறது. வரி எந்த நேரத்தில் கண்ணில் படுகிறது என்பதைப் பிரித்துப் பார்க்காமல் இப்படிச் சொல்வது நம்மைத் தவறான முடிவுக்குக் கொண்டுபோகும் என்று நினைக்கிறேன். பொருளை எடுக்கலாமா, வேண்டாமா என்று முடிவு செய்யும் நேரம் ஒன்று. இந்த வரி நியாயமா என்று அரசைக் கேட்கும் நேரம் வேறொன்று. ஒரே வரி முதல் நேரத்தில் மறைந்தும் இரண்டாவது நேரத்தில் வெளிப்பட்டும் இருக்கலாம். இதற்கு நேர்மாறாகவும் நடக்கலாம்.

முதல் நேரத்தைப் பற்றிய தெளிவான சான்று ராஜ் செட்டி, ஆடம் லூனி, கோரி கிராஃப்ட் ஆகிய மூன்று பொருளாதார அறிஞர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில் இருக்கிறது. அமெரிக்காவின் பெரும்பாலான மாநிலங்களில் அலமாரியில் காட்டப்படும் விலையில் விற்பனை வரி சேராது. பணம் கட்டும் இடத்தில்தான் சேரும். வடக்கு கலிபோர்னியாவில் ஒரு கடையில், அழகுசாதனப் பொருட்கள் முதலான சிலவற்றுக்கு, வழக்கமான விலைச்சீட்டின் கீழே 7.375 சதவீத வரியையும் சேர்த்த முழுத் தொகையைக் காட்டும் சீட்டை மூன்று வாரங்களுக்கு ஒட்டினார்கள். அதாவது 10 டாலர் பொருளின் கீழே 10.74 என்ற தொகையும் தெரிந்தது. வரியும் மாறவில்லை, கட்ட வேண்டிய பணமும் மாறவில்லை. ஆனாலும் சீட்டு ஒட்டாத பொருட்களோடும் அருகிலுள்ள ஊர்களின் கடைகளோடும் ஒப்பிட்டபோது, அந்தப் பொருட்களின் விற்பனை ஏறத்தாழ 8 சதவீதம் குறைந்திருந்தது.

அறியாமைதான் இதற்குக் காரணம் என்று சொல்லிவிட முடியாது. அங்கே வாங்க வந்தவர்களிடம் கேட்டபோது, எந்தப் பொருளுக்கு வரி உண்டு, விகிதம் எவ்வளவு என்பதைப் பெரும்பாலோர் சரியாகவே சொன்னார்கள். அறிந்திருந்த வரி, கை பொருளை எடுக்கும் நேரத்தில் கணக்கில் முழுமையாகச் சேரவில்லை, அவ்வளவுதான். அந்தப் பொருட்களின் விலை உயர்ந்தால் விற்பனை எவ்வளவு குறையும் என்ற கணக்கோடு பொருத்திப் பார்த்தால், வாங்குபவர்கள் வரியில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கை மட்டுமே கருத்தில் கொண்டது போல நடந்துகொண்டிருந்தார்கள்.

இந்தக் கவனக்குறைவு எல்லோரிடமும் ஒரே அளவில் இருப்பதில்லை. அமெரிக்காவில் சிகரெட் பற்றிய ஓர் ஆய்வில், காட்டப்படும் விலைக்குள் அடங்கிய வரி உயர்ந்தபோது எல்லா வருமானப் பிரிவினரும் புகைப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். கடைசியில் சேரும் வரி உயர்ந்தபோது குறைத்துக்கொண்டவர்கள் பெரும்பாலும் குறைந்த வருமானம் உள்ளவர்களே.

ஆக, வாங்கும் நேரத்தில் விலைக்குள் இருக்கும் வரிதான் வலுவாக வேலை செய்கிறது. ஏனெனில் அது வரியாகத் தெரியாவிட்டாலும் விலையாகத் தெரிகிறது. சிக்கல் இரண்டாவது நேரத்தில் வருகிறது. விலை ஏன் கூடியது என்று தெரியாதவர் வணிகரைத்தான் குறை சொல்வார். வரியை விதித்தவரிடம் விளக்கம் கேட்கமாட்டார்.

கட்டுவதே கண்ணில் படாமல் போனால் என்ன ஆகும் என்பதற்குப் பொருளாதார அறிஞர் ஏமி ஃபிங்கெல்ஸ்டீன் 2009-இல் வெளியிட்ட ஆய்வு பதில் தருகிறது. அமெரிக்கச் சாலைகளிலும் பாலங்களிலும், வண்டியை நிறுத்திக் காசு கொடுத்த முறை மாறி, மின்னணு முறையில் கட்டணம் தானாகக் கழியும் முறை வந்தது. அப்படிக் கட்டியவர்களில் பலருக்குத் தாங்கள் கட்டும் தொகையே சரியாகத் தெரியவில்லை. காலப்போக்கில் அங்கெல்லாம் கட்டணம், பழைய முறையே நீடித்திருந்தால் இருந்திருக்கக்கூடிய அளவைவிட 20 முதல் 40 சதவீதம் வரை உயர்ந்தது. தேர்தல் ஆண்டுகளில் கட்டணத்தை உயர்த்தத் தயங்கும் வழக்கமும் மங்கியது. அந்தக் கூடுதல் வருவாய் நல்ல பணிகளுக்குச் செலவாகியிருக்கலாம். அப்படியே இருந்தாலும், கட்டுபவர் கவனிக்காததால் உயர்ந்த கட்டணத்துக்கு மக்களின் ஒப்புதல் இருந்தது என்று என்னால் சொல்ல முடியவில்லை.

வாங்கும் நேரத்தில் மறைந்திருக்கும் வரிக்கு ஆதரவாக ஒரு வாதம் உண்டு: வாங்குபவர் கவனிக்காவிட்டால் அவருடைய தேர்வு மாறாது, எனவே பொருளாதாரத்துக்குச் சேதம் குறைவு என்பது அது. நான் இதை ஏற்கவில்லை. கவனிக்கவில்லை என்பதற்காகப் பணம் கையில் மிஞ்சுவதில்லை. திட்டமிட்டதைவிடக் கூடுதலாகப் போன தொகை வேறொரு செலவைக் குறைத்தே தீரும், அந்தச் செலவு அவசியமானதாகவும் இருக்கலாம். கையில் சேமிப்பு இல்லாத குடும்பத்தில் இந்தப் பிழையின் விலை மிக அதிகம்.

ஆகவே அலமாரியில் முழுத் தொகையும், ரசீதில் அந்தத் தொகைக்குள் வரி எவ்வளவு என்பதும் தெரிய வேண்டும் என்பதே என் நிலைப்பாடு. இரண்டில் ஒன்று மட்டும் போதாது. இதை வணிகர்களின் விருப்பத்துக்கு விட்டாலும் நடக்காது. வரியைச் சேர்த்துக் காட்டும் கடை, சேர்க்காமல் காட்டும் கடைக்குப் பக்கத்தில் விலை கூடியதாகவே தோன்றும். எல்லாக் கடைகளுக்கும் ஒரே நாளில் பொருந்தும் சட்டமாக வந்தால்தான், நேர்மையாக விலை காட்டிய வணிகர் அதற்காக வாடிக்கையாளரை இழக்க நேராது.