முதல் அறையைத் தூக்கச் சொன்னவருக்கு

கேம் செய்பவர்கள் தங்கள் லெவலை மேடையில் காட்ட, நடுவர் கருத்துச் சொல்லும் நிகழ்ச்சியில் சனிக்கிழமை நடந்ததைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். அங்கே இருந்தவர்களுக்கு யாரைச் சொல்கிறேன் என்று தெரியும், இல்லாதவர்களுக்குப் பெயர் தேவையில்லை. ஆனால் "நடுவர் சொன்னதில் என்ன தப்பு, முதல் அறையில் ஒன்றுமே இல்லையே" என்று நம் ஆட்களே இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருப்பதைக் கேட்ட பிறகு பேசாமல் இருக்க முடியவில்லை.

அந்தத் தங்கச்சி பாலிடெக்னிக் மாணவி. ஒரு லெவலைத் தனியாகச் செய்து கொண்டுவந்து மேடையில் வைத்தாள். அதில் புதிதாக இருப்பது ஒரே ஒரு மெக்கானிக்: விழும் பலகை. நீங்கள் ஏறி நின்றால் 0.6 விநாடி நடுங்கும், பிறகு உங்களைச் சுமந்துகொண்டே கீழே இறங்கும். இரண்டு விநாடி கழித்துப் பழைய இடத்துக்கு வந்துவிடும். அவ்வளவுதான். இதை வைத்து நான்கு அறைகள் கட்டியிருந்தாள்.

நடுவர் முதல் அறையை ஓடியே கடந்தார். "இங்கே ஒன்றும் இல்லை, இதைத் தூக்கிவிடு, இந்தக் காலத்தில் யாருக்கும் பொறுமை கிடையாது, எடுத்ததும் முள்ளை வை" என்றார். அப்புறம் இரண்டாவது அறையில் பலகையோடு குழிக்குள் போனார். போனதும் சொன்னது என்ன? "இது விழும் என்று எனக்கு எப்படித் தெரியும்?"

அதைத் தெரியவைக்கத்தானே ஐயா அந்த முதல் அறை!

அந்த அறையில் மூன்று பலகைகள். கீழே ஒரு படி ஆழத்தில் கெட்டியான தரை. விழுந்தால் உயிர் போகாது, பக்கத்துப் படியில் ஏறி மேலே வந்துவிடலாம். நடுப்பலகைக்கு மேலே ஒரு காசு, உங்களை அதன்மேல் இழுப்பதற்காக. எதிரி கிடையாது, நேரக்கெடு கிடையாது. ஆடுபவர் அங்கே மூன்று விஷயங்களைத் தன் கையாலேயே கண்டுபிடிக்கிறார்: பலகை நடுங்கினால் விழப்போகிறது, விழும்போது அதன்மேல் நின்றே கீழே போகலாம், போனது திரும்பி வரும். யாரும் சொல்லவில்லை, எதையும் படிக்கவில்லை. இரண்டாவது அறை அதே பலகைகள்தான், கீழே தரைக்குப் பதில் குழி. வாசலிலேயே செக்பாயிண்ட் இருப்பதால் செத்தாலும் சில விநாடியில் மறுபடி அங்கே நிற்பீர்கள். கற்றுக்கொண்டதைச் சோதிக்கிறாள். முதல் அறை இல்லாவிட்டால் அது சோதனையே இல்லை, பொறி. நான் சொல்ல வருவது முழுக்க இந்த ஒரு விஷயம்தான்.

"அறிவிப்புப் பலகை ஒன்று வைத்தால் போதாதா, 'கவனம், பலகை விழும்' என்று?" இதையும் கேட்டார்கள். வையுங்கள். விழும் என்பது தெரியும். எவ்வளவு நேரத்தில் விழும் என்பது? 0.6 விநாடி என்று எழுதிக் காட்டினாலும் கைக்கு அது தெரியாது. நின்று, நடுக்கத்தைப் பார்த்து, விழுந்து எழுந்தால்தான் விரலுக்கு அந்த இடைவெளி பிடிபடும்.

இது இந்தப் பெண் கண்டுபிடித்த வழி இல்லை. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸின் முதல் லெவலான 1-1-ஐ எடுத்துக்கொள்ளுங்கள். கடைசிப் பகுதியில் எதிரெதிரே இரண்டு படிக்கட்டுகள் வரும். ஒன்றின் உச்சியிலிருந்து மற்றொன்றுக்குத் தாவ வேண்டும், நடுவே இருப்பது சாதாரணத் தரை. தவறினால் ஒன்றும் ஆகாது. அதைத் தாண்டியதும் கிட்டத்தட்ட அதே படிக்கட்டு ஜோடி மறுபடி வருகிறது, இப்போது நடுவே அடியில்லாத பள்ளம். அதே தாவல், அதே தூரம், விலை மட்டும் மாறிவிட்டது. சூப்பர் மாரியோ 3டி லேண்ட் (2011) கேமை இயக்கிய கோய்ச்சி ஹயாஷிதா, தங்கள் லெவல்களை ஜப்பானிய நான்கு கட்டச் சித்திரக்கதையின் அமைப்பில் யோசிப்பதாகப் பேட்டியிலேயே சொல்லியிருக்கிறார்: அறிமுகம், வளர்ச்சி, திருப்பம், முடிவு. திருப்பத்துக்கு வருவதற்கு முன்னால் இரண்டு கட்டங்கள் அமைதியாகப் போக வேண்டும். முதல் கட்டத்தைக் கிழித்துவிட்டு மூன்றாவது கட்டத்துக்குச் சிரி என்றால் யார் சிரிப்பார்கள்?

நடுவர் பார்க்காத மூன்றாவது அறையைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். எதிரே தாண்ட முடியாத உயரச் சுவர். மேலே வழி கிடையாது. குழியின் பக்கச் சுவரில், கீழே, வெளிச்சத்தோடு ஒரு கதவு. நின்ற இடத்திலிருந்து குதித்தால் எட்டாது. இதுவரை பலகை விழுவதற்குள் தப்பித்து ஓடினீர்கள் அல்லவா, இங்கே ஓடக்கூடாது. அசையாமல் நின்று, பலகையோடு இறங்கி, கதவு மட்டத்துக்கு வந்ததும் உள்ளே தாவ வேண்டும். பயந்த பொருளே லிஃப்ட் ஆகிவிடுகிறது. விழும் பாதை நெடுகக் காசுகளைச் செங்குத்தாகத் தொங்கவிட்டிருக்கிறாள், கண் தானாகக் கீழே போவதற்கு. பலகையோடு சேர்ந்து இறங்கலாம் என்பதை முதல் அறையின் ஒரு படி ஆழத்திலேயே நீங்கள் அனுபவித்துவிட்டதால்தான் இந்த யோசனை வருகிறது. அந்த அறையைத் தூக்கினால் மூன்றாவது அறை புதிர் இல்லை, முட்டுச்சந்து.

நான்காவது அறையில் முந்தைய லெவலில் வந்த பக்கக் காற்றையும் சேர்க்கிறாள். காற்று மூன்று விநாடிக்கு ஒருமுறை அடிக்கும். இங்கேதான் அனுபவமுள்ளவர்களே சறுக்குவார்கள். காற்று ஓயும்வரை காத்திருக்க வேண்டும், பலகையோ 0.6 விநாடிக்கு மேல் காத்திருக்க விடாது. இரண்டையும் அப்படியே ஒட்டவைத்தால் தாண்டுவது திறமையால் இல்லை, அதிர்ஷ்டத்தால். அவள் காற்று அடிக்கும் இடத்துக்குச் சற்று முன்னால் விழாத கல் மேடை ஒன்றை வைத்திருந்தாள். அங்கே நின்று காற்றின் தாளத்தைப் பார்த்துவிட்டுப் பலகைக்குத் தாவலாம். காற்றையும் நமக்கு ஏற்கெனவே தெரியும், பலகையும் தெரியும், புதிது என்பது இரண்டும் சேர்ந்த கணக்கு மட்டுமே. இதைச் செய்த பிள்ளையிடம்தான் மேடையில், மைக்கில், "அடிப்படை தெரியவில்லை" என்று சொன்னார்கள். அவள் முகம் போன போக்கை நான் பார்த்தேன்.

சரி, "அப்படியென்றால் நடுவர் ஏன் ஒன்றும் கற்றுக்கொள்ளாமல் முதல் அறையைத் தாண்டினார்?" நியாயமான கேள்வி. அவர் நிற்கவே இல்லை. ஓடிக்கொண்டே இருந்தால் ஒரு பலகையின்மேல் 0.6 விநாடி இருக்க மாட்டீர்கள், அது விழத் தொடங்கும்போது அடுத்ததில் இருப்பீர்கள். பாதுகாப்பான அறையில் உண்மையாகவே வருகிற குறை இதுதான்: மெக்கானிக்கைத் தொடாமலே தாண்ட முடிந்தால் அந்த அறை எதையும் கற்றுத்தரவில்லை. ஆனால் இதற்கு மருந்து அறையைத் தூக்குவதா? மூன்றாவது பலகையின் முனையில், அருகில் போனால் ஒரு விநாடி எடுத்து மெதுவாகத் திறக்கும் கதவு ஒன்று போதும். யாராக இருந்தாலும் நின்றாக வேண்டும், நின்றால் பலகை விழும், விழுந்தால் தெரிந்துவிடும். ஒரே ஒரு கதவு! அதைச் சொல்லிக்கொடுக்கத்தானே நடுவர் நாற்காலியில் உட்காருகிறோம்?

அதே லெவலை ஈசூனில் எங்கள் வீட்டில் அம்மாவிடம் கொடுத்தேன். அம்மா வாழ்நாளில் கன்ட்ரோலரைப் பிடித்ததில்லை, ஓடத் தெரியாது. அதனாலேயே முதல் பலகையில் நின்றார். "ஏன்டா இது ஆடுது?" என்றார், கீழே போனார், படியேறி வந்தார். இரண்டாவது அறையில் நடுக்கத்தைக் கண்டதும் அவசரமாகத் தாவினார். சில முறை விழுந்தார், ஆனால் ஒருமுறைகூட என்னைத் திரும்பிப் பார்க்கவில்லை. பிளேடெஸ்டில் நான் பார்ப்பது இதைத்தான். செத்தவர் உடனே அதே தாவலை வேறு நேரத்தில் முயன்றால் அவருக்குப் புரிந்திருக்கிறது, கைதான் இன்னும் பழகவில்லை. செத்ததும் செய்தவர் முகத்தைப் பார்த்தால் லெவல் எதையோ சொல்லாமல் விட்டிருக்கிறது. நடுவர் இரண்டாவது அறையில் அவள் முகத்தைத்தான் பார்த்தார்.

இன்னொரு கூட்டம் இருக்கிறது: "டார்க் சோல்ஸ் யாருக்கும் ஊட்டிவிடவில்லையே, அதைத்தானே எல்லோரும் கொண்டாடுகிறார்கள்?" 2011-இல் வந்த அந்த கேமின் தொடக்கத்தை நிஜமாகவே ஆடியிருக்கிறீர்களா? கையில் உடைந்த வாள், எதிரே பெரிய அரக்கன். ஆனால் அந்தக் கூடத்திலேயே தப்பிக்க ஒரு பக்கவாசல் திறந்திருக்கிறது, வெளியே பக்கத்திலேயே, மறுபடி தொடங்குகிற இடமான நெருப்புக்குழி இருப்பதால் செத்தாலும் இழப்பு மிகக் குறைவு. வாசல் வழியே ஓடினால் ஆயுதமும் கேடயமும் கிடைக்கும், சுற்றிவந்து மேலிருந்து அதே அரக்கன் தலையில் குதித்து அடிக்கக் கற்றுக்கொள்வீர்கள். தரையில் குறிப்புகள்கூட எழுதியிருக்கும். அதுவும் பாடம்தான், கடுமையான முகத்தோடு நடத்துகிறார்கள், அவ்வளவே.

எல்லா லெவலும் இதே வரிசையில் போனால் சலிக்கும் என்கிறீர்கள். சலிக்கும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் அது பல லெவல் செய்து முடித்தவரோடு பேசவேண்டிய விஷயம், இப்போதுதான் தொடங்கியிருக்கும் மாணவியோடு இல்லை.

புலாவ் தெக்கோங்கில் ராணுவப் பயிற்சி முடித்த தம்பிமார்களைக் கேட்கிறேன். உங்கள் கையில் முதல் நாளே நிஜமான கையெறி குண்டைக் கொடுத்தார்களா? வெடிக்காத குண்டை வைத்து எறிகிற நிலையைத் திரும்பத் திரும்பச் செய்யவைத்தார்கள். எங்கள் சார்ஜண்ட் மாதிரி கத்துகிற ஆளை நான் வாழ்க்கையில் பார்த்ததில்லை, அவர்கூட அந்தக் கட்டத்தைத் தாண்டவிடவில்லை. அதை யாரும் செல்லம் கொடுப்பது என்று சொல்லவில்லை. ஒரு மாணவி தன் ஆட்டக்காரரிடம் அதே அக்கறையைக் காட்டினால் மட்டும் ஏன் அது பலவீனம் ஆகிறது? பலகையை விழவைப்பது எந்தப் புதியவராலும் முடியும். விழுகிறவருக்கு என்ன தெரிந்திருக்கும் என்று உட்கார்ந்து யோசிப்பதுதான் இந்த வேலை, அவள் யோசித்திருந்தாள். கடுமையாகப் பேசினால்தான் துறை தெரிந்தவர் என்று நாம் எப்போது முடிவுசெய்தோம்? இங்கே கேம் செய்ய வருகிற தமிழ்ப் பிள்ளைகளே கொஞ்சம்பேர். வந்த ஒருத்தியை எல்லோர் முன்னாலும் இப்படி அனுப்பிவைத்தால் அடுத்த வருடம் யார் வருவார்கள்?

அவள் ஞாயிற்றுக்கிழமை இரவு முதல் அறையை அழித்துவிட்டு எனக்குப் புதிய பதிப்பை அனுப்பினாள். "அண்ணா, இப்ப ஓகேவா?" என்று கேட்டாள். பழையதைத் திரும்ப எடு, அந்தக் கதவை மட்டும் சேர் என்று பதில் போட்டிருக்கிறேன்.

ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு கோரிக்கை, கோபத்தோடு இல்லாமல் கேட்கிறேன். அடுத்த முறை நடுவர் பேசுவதற்கு முன்னால், அந்த கேமை முன்பின் பார்க்காத ஒருவரை மேடையில் உட்காரவைத்து ஆடச்சொல்லுங்கள். செய்தவரும் நடுவரும் வாய்திறக்காமல் பக்கத்தில் நின்று பார்க்கட்டும். அப்புறம் எந்த அறையை எடுக்கலாம் என்று பேசுவோம்.