"கெளம்பிட்டாரு"ன்னு நாங்க சொன்னது பொய். மன்னிச்சுக்கங்க

மதுரை அண்ணா நகர்ல நம்ம பரோட்டா கடைல பார்சல் சொன்னவங்க எல்லாருக்கும் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளமா இருக்கும், பொறுத்துக்கங்க, ரெண்டு வரில சாரி சொல்லிட்டுப் போற விஷயமா எனக்குப் படல.

மூணு வாரத்துக்கு முன்னாடி ஞாயித்துக்கிழமை ராத்திரி தெப்பக்குளம் பக்கத்துல இருந்து ஒரு தங்கச்சி 8:55க்கு போன்ல ஆர்டர் சொன்னாங்க. எட்டு பரோட்டா, ஒரு சுக்கா, அப்பாவுக்கு மட்டும் ரெண்டு கோதுமை தோசை. எவ்வளவு நேரம் ஆகும்னு கேட்டாங்க, நாந்தான் கல்லாவுல இருந்தேன், நாப்பது நிமிசம்னு வாய்க்கு வந்தத சொல்லிட்டேன். அவங்க அப்பா சுகர்க்காரர், சாப்பாட்டுக்கு முன்னாடி இன்சுலின் போடணும். நாங்க சொன்ன நேரத்த நம்பி 9:20க்கு ஊசியப் போட்டுட்டு உக்காந்திருக்காரு. பார்சல் வீட்டுக்குப் போனது 10:40. நடுவுல மூணு தடவ போன் பண்ணிருக்காங்க, மூணு தடவையும் எங்க கடைல இருந்து "வண்டி கெளம்பிருச்சும்மா, பாலத்துல டிராபிக்"னு பதில். பத்து மணிக்கு அவருக்கு வேர்த்துக் கொட்டி கை நடுங்க ஆரம்பிச்சிருச்சு, சர்க்கரத் தண்ணி குடுத்து சமாளிச்சிருக்காங்க. மறுநாள் அவங்க நம்ம பேஜ்ல எழுதின கமெண்ட பலர் படிச்சிருப்பீங்க. அதுல ஒரு வார்த்த கூட மிகை இல்ல. நேர்ல போய்ப் பாத்து மன்னிப்பு கேட்டுட்டேன், இத எழுதவும் அவங்ககிட்ட கேட்டுட்டுத்தான் எழுதுறேன்.

மூணாவது தடவ அவங்க போன் பண்ணப்ப பார்சல் எங்க இருந்துச்சு தெரியுமா, எங்க மேசைலதான் இருந்துச்சு. வண்டியே இல்ல. அதுல அவங்க அப்பாவோட தோசை 9:05க்கே ரெடி, ஒரு மணி நேரமா பரோட்டாவுக்காகக் காத்துக்கிட்டு வறண்டு போய்க் கெடந்துச்சு.

அது வரைக்கும் நானும் எல்லாக் கடைக்காரர் மாதிரி கோரிப்பாளையம் டிராபிக், டெலிவரி பசங்க சுணக்கம், ஆப்காரன் லேட்டா ஆள் அனுப்புறான்னு சொல்லிக்கிட்டேதான் இருந்தேன். அந்த கமெண்டுக்கு அப்பறம் ஞாயித்துக்கிழம பில்லு மொத்தத்தையும் எடுத்து வச்சு மணிக்கு எத்தன பரோட்டான்னு எண்ணிப் பாத்தேன். பணத்த தினமும் எண்ணுறேன், பரோட்டாவ ஒருநாளும் எண்ணினதில்ல.

கணக்கு இதுதான். நம்ம கல்லு ஒரு தடவைக்கு இருவது பரோட்டா பிடிக்கும். போட்டு, திருப்பி, எண்ணெய் விட்டு, எடுத்து அடிச்சு அடுக்க அஞ்சு நிமிசம். அப்ப மணிக்கு 240. ஆனா அதே கல்லுலதான் கொத்தும் போடுறோம். கொத்துக்கு உக்காந்துட்டா பாதிக் கல்லு போயிரும், ஒரு ரவுண்டுக்கு நாலு நிமிசம், எட்டுல இருந்து ஒம்பது வரைக்கும் அஞ்சு ரவுண்டு. அந்த டங்கு டங்கு சத்தம் கடைக்கு அழகுதான், ஆனா அந்த ஒரு மணி நேரத்துல அது நாப்பது பரோட்டாவத் தின்னுருது. மிச்சம் 200.

அன்னைக்கு எட்டு டு ஒம்பது வந்த ஆர்டர் 280. கடைல உக்காந்து சாப்டவங்களுக்கு 110, பார்சல் 170. சரி, எம்பதுதானே கொற, எல்லாருக்கும் இருவது இருவத்தஞ்சு நிமிசம் லேட்டாகும், அவ்வளவுதானேன்னு நானும் மொதல்ல நினைச்சேன். அங்கதான் தப்பு. அந்த லேட்ட எல்லாரும் பங்கு போட்டுக்கல. இலை போட்டு உக்காந்தவரு மாஸ்டர் மூஞ்சியவே பாத்துக்கிட்டு இருப்பாரு, அவருக்கு மொதல்ல போயிரும். வீட்டுல பசியோட இருக்கறவங்க மொகம் எங்களுக்குத் தெரியாதுல்ல. 200ல 110 மேசைக்குப் போயிட்டா பார்சலுக்கு 90தான். கேட்டது 170, குடுத்தது 90, ஒம்பது மணிக்கே 80 பாக்கி. மணிக்கு தொண்ணூறு போற வேகத்துல அந்தப் பாக்கிய முடிக்கவே அம்பத்திமூணு நிமிசம். அதாவது 8:55க்கு ஆர்டர் சொன்ன தங்கச்சியோட பரோட்டா கல்லுல விழுறதுக்கே 9:50 ஆகுது, அப்பறம் கட்டி, வண்டி திரும்பி வந்து, அந்த வண்டி நாலு பார்சல தூக்கிட்டுப் போய், அதுல அவங்க வீடு கடைசி. 10:40 வராம என்ன பண்ணும். அன்னைக்கு பாலத்துல ஈ காக்கா இல்லாம இருந்திருந்தாலும் அவங்களுக்கு சாப்பாடு லேட்டாத்தான் போயிருக்கும்.

இன்னொண்ணும் சொல்லிர்றேன், இதுக்கு டெலிவரி ஆப் தம்பிங்ககிட்ட தனியா மன்னிப்பு கேக்கணும். ஆர்டர் தயாரானதும் அமுக்க வேண்டிய "ரெடி" பட்டன, பரோட்டா மாவு உருண்டையா இருக்கும்போதே அமுக்கிட்டு இருந்தோம். லேட்டுன்னு எங்க கடை பேர்ல விழக்கூடாதுன்னு ஒரு சாமர்த்தியம். அந்தப் பசங்க வந்து வாசல்ல அர மணி நேரம் நிப்பாங்க, நின்ன நேரத்துக்கு அடுத்த ஆர்டர் எடுக்க முடியாது, வீட்டுக்குப் போனா உங்ககிட்டயும் திட்டு வாங்குவாங்க. பழியெல்லாம் அவங்க தலைல.

சரி, என்ன மாத்துனோம்.

கொத்துக்குத் தனியா ஒரு சின்னக் கல்லு, தனி அடுப்பு போட்டாச்சு. பெரிய கல்லுல இனிமே பரோட்டாவத் தவிர எதுவும் ஏறாது. அதுல நாப்பது திரும்பி வந்துச்சு, மணிக்கு 240. சிலபேரு கேட்டாங்க, சாயங்காலமே முக்காப் பதம் போட்டு அடுக்கி வச்சுட்டு ஆர்டர் வரும்போது சூடு காட்டிக் குடுக்கலாமேன்னு. நாங்களே ஒருநாள் செஞ்சு வீட்டுல சாப்புட்டுப் பாத்தோம். அடுக்கு பிரியல, பிச்சா ரப்பர் மாதிரி இழுக்குது, சால்னா ஊத்தி ஊற வச்சாலும் தேறல. அது வேணாம்.

ஆனா கல்லு மட்டும் போதாது, ஏன்னா ஞாயித்துக்கிழமை கேக்கறது 280. அதனால ரெண்டாவது வேல, வாங்குற ஆர்டரக் கொறச்சோம். இதுக்குத்தான் எனக்கு மனசே வரல, வர்ற யாவாரத்த வேணாம்னு சொல்றதான்னு. மேசைக்கு 110 போக மிச்சம் 130, அதுல பத்த விட்டுட்டு பார்சலுக்கு மணிக்கு 120, கால் மணிக்கு முப்பது. கல்லா பக்கத்துல ஒரு கரும்பலகை, ராத்திரி ஏழுல இருந்து கால் மணி கால் மணியா கட்டம். ஆர்டர் வர வர என் அக்கா பையன் கட்டத்துல எண்ணிக்கை எழுதுவான். முப்பது ஆயிட்டா அந்தக் கட்டம் மூடிருச்சு, அடுத்து போன் பண்றவங்களுக்கு "அண்ணே ஒம்பதரைக்குத்தான் கல்லுல விழும், வீட்டுக்கு வர ஒம்பதே முக்கால் தாண்டும், பரவால்லயா"ன்னு கேட்டுட்டுத்தான் எழுதுவான். வேணாம்னா வேணாம். ஆப்ல இப்படிக் கட்டம் போட வழியில்ல, அதனால தயாரிப்பு நேரத்தக் கூட்டி வச்சுட்டு, பலகை நெறஞ்சா ஆப்ல கடையக் கொஞ்ச நேரம் மூடிர்றோம். "சும்மா சும்மா க்ளோஸ்னு காட்டுது"ன்னு திட்டுறவங்களுக்கு இதுதான் காரணம்.

பில்லு பின்னாடி இப்ப நாலு நேரம் எழுதுறோம்: ஆர்டர் வந்தது, கல்லுல இருந்து எறங்கினது, கட்டி முடிச்சது, வண்டி எடுத்தது. இத எழுத ஆரம்பிச்ச அன்னைக்கே இன்னொரு ஓட்ட தெரிஞ்சுச்சு, கட்டுற மேசைல மட்டும் ஒரு பார்சலுக்கு ஒம்பது நிமிசம் போகுது. நின்னு பாத்தா பார்சல் கட்டுறவரு சால்னா டப்பாவுக்கு மூடியத் தேடிக்கிட்டு இருக்காரு, மூடி ஒரு மூலைல, டப்பா ஒரு மூலைல, வெங்காயத்துக்கு உள்ள ஓடணும். எல்லாத்தையும் கை எட்டுற தூரத்துல வச்சோம், நாலு நிமிசமாச்சு. இதுக்கு ஒரு பைசா செலவில்ல, அதுதான் எனக்கு ரொம்ப வெக்கமா இருந்துச்சு.

எங்க வண்டி இனிமே ஒரு நடைக்கு ரெண்டு பார்சல்தான், ரெண்டும் வைகைக்கு ஒரே கரைல இருக்கணும். தூரம் நாலு கிலோமீட்டரோட நிறுத்திட்டோம். வில்லாபுரம், திருநகர் ஆளுங்க கோவிச்சுக்காதீங்க, அவ்வளவு தூரம் வந்தா சால்னா ஆறிப்போகும், உங்களுக்கு அந்தச் சாப்பாட்ட அனுப்ப எனக்கு இஷ்டமில்ல. சொன்ன நேரத்துக்கு வண்டி எடுக்க முடியலன்னா நீங்க கூப்புடறதுக்கு முன்னாடி நாங்க கூப்புடணும், உண்மையான நேரத்த சொல்லணும், வேணாம்னா முழுப் பணமும் அப்பவே திருப்பி அனுப்பணும். "கெளம்பிட்டாரு"ங்கிற வார்த்த வண்டி ஸ்டார்ட் ஆன பிறகுதான். ஆப் தம்பிங்களுக்கு வாசல்ல பெஞ்சும் தண்ணிக் கேனும் வச்சாச்சு, ரெடி பட்டன் பார்சல் கட்டி முடிச்ச பிறகுதான்.

எல்லாம் சரியாயிருச்சான்னா, இல்ல. போன ஞாயித்துக்கிழமை ஒம்பது மணி வாக்குல சிலிண்டர் தீந்துருச்சு. 19 கிலோ கமர்ஷியல் சிலிண்டர், தீருற நேரத்துல தீ கம்மியாகி கல்லு சூடு எறங்குது, அஞ்சு நிமிசத்துல எடுக்க வேண்டியது எட்டு நிமிசம் இழுக்குது, மாஸ்டர் சத்தம் போட்ட பிறகுதான் எங்களுக்கு ஒறச்சுச்சு. மாத்தி, கல்லு மறுபடி காய்ஞ்சு, அந்த ஒரு கட்டம் முழுக்க லேட்டு. ஒம்பது வீட்டுக்கு போன் பண்ணி சொன்னோம், ரெண்டு பேர் வேணாம்னாங்க, அவங்களுக்குப் பணம் திரும்பிப் போயிருச்சு. இனிமே ஞாயித்துக்கிழமை ஏழு மணிக்கே புது சிலிண்டர்தான், பழசு மறுநாள் காலை சால்னா கொதிக்க வைக்க. மழை பெஞ்சா என்ன பண்றதுன்னு இன்னும் எங்கிட்ட வழியில்ல, அன்னைக்கு பத்து பதினஞ்சு நிமிசம் கூடத்தான் சொல்லுவோம்.

அந்த மூணு வாரத்துக்கு முந்தின ஞாயித்துக்கிழமை போன்ல ஆர்டர் பண்ணி ஒரு மணி நேரத்துக்கு மேல காத்திருந்த எல்லாருக்கும் பணத்தத் திருப்பி அனுப்பிட்டோம். விட்டுப் போயிருந்தா இன்பாக்ஸ்ல சொல்லுங்க. ஆப்ல பண்ணவங்களுக்கு எங்க கைல இருந்து அனுப்ப முடியல, அன்னைக்கு ஆர்டர போன்ல காட்டுனா போதும், அதே பார்சல் எங்க செலவுல.

முக்கியமா, வீட்டுல சுகர்க்காரங்க இருந்தா, ஊசி போடறவங்க இருந்தா, ஆர்டர் சொல்லும்போதே ஒரு வார்த்த சொல்லிருங்க. அந்த பில்லுல செவப்பு பேனால வட்டம் போடுவோம், பரோட்டாவுக்காக தோசை காத்துக்கிட்டு இருக்காது, தனியா மொதல் வண்டில வந்துரும்.

முந்தாநேத்து அந்த தங்கச்சி மறுபடி போன் பண்ணாங்க. எடுத்தவுடனே எனக்கு பக்குனு இருந்துச்சு. அதே ஆர்டர்தான், ரெண்டு கோதுமை தோசை உள்பட. "அண்ணே, அப்பா ஊசி போட்டுக்கலாமா?"ன்னு கேட்டாங்க. கல்லப் பாத்தேன், பலகையப் பாத்தேன். "இப்ப வேணாம்மா, தோசை வண்டில ஏறுனதும் நானே கூப்பிடுறேன்"னேன்.