இருபது நைட்டி, எட்டாயிரம் ரூபாய், ஒரு சிரிப்பு ஸ்மைலி

"பத்து வருஷமா தைக்கத் தெரியுது, ஒரு எக்செல் படிக்கத் தெரியலையா அக்கா" என்று கேட்டவருக்கும், அதற்குச் சிரிப்பு ஸ்மைலி போட்ட நாற்பது பேருக்கும் இந்தப் பதிவு. ஆமாம், தெரியவில்லை. ஆன்லைனில் நைட்டி விற்ற பணம் குறைந்துவிட்டது என்று நான் புலம்பியதை எல்லோரும் பார்த்தீர்கள். எப்படிக் குறைந்தது என்பதையும் பாருங்கள்.

400 ரூபாய் விலையில் 20 நைட்டிக்கு ஆர்டர் வந்தது. விற்பனைத் தளம் அனுப்பிய எக்செல் ரிப்போர்ட்டின் முதல் வரியில் 8,000 என்று இருந்தது. வங்கிக்கு வந்தது 3,960. மீதியை யாரோ தின்றுவிட்டார்கள் என்றுதான் நினைத்தேன்.

ஜெராக்ஸ் கடைத் தம்பி பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பத்தியாகப் படிக்க வைத்தான். மூன்று பார்சலில் RTO என்றிருந்தது. வாங்கியவர் கைக்கே போகாமல் திரும்பியவை. மூன்றுமே கேஷ் ஆன் டெலிவரி. இன்னும் இரண்டு, பிரித்துப் பார்த்துவிட்டுத் திருப்பியவை. ஆக விற்றது 15தான், 6,000 ரூபாய். அதில் ஒவ்வொன்றுக்கும் கமிஷன் 40, கூரியர் 60, இந்த நூறுக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. டி.சி.எஸ்., டி.டி.எஸ். என்று வரிப் பிடித்தம் இரண்டேகால் ரூபாய். கைக்கு 279.75, ஏறக்குறைய 280. பிரித்துத் திருப்பிய இரண்டுக்கும் திரும்பும் கூரியர் வரியோடு 118 வீதம் என் தலையில். கூட்டிப் பாருங்கள், 3,960 வரும். யாரும் தின்னவில்லை. எனக்குத்தான் படிக்கத் தெரியவில்லை.

"விலை வைக்கும் முன்னாலேயே கணக்குப் போட்டிருக்க வேண்டாமா?" சரி, போட்டிருக்க வேண்டும். துணி, நூல், தையல் கூலி 210 என்று மட்டும் பார்த்தேன். அந்த 280-க்குள்ளேயே நான் கட்ட வேண்டிய 5 சதவீத வரி 19 ரூபாய் இருப்பதையும் மறந்தேன். தப்புதான், போதுமா?

ஆனால் அந்த ரிப்போர்ட்டில் எனக்கு உபயோகப்பட்டது இதெல்லாம் இல்லை, கடைசிப் பத்தி. திருப்பியதற்கான காரணம். இரண்டுமே எக்ஸ்.எல்., இரண்டுக்கும் "டைட்". நான் போட்டிருந்த 44 இஞ்ச் என்பது நைட்டியின் மார்புச் சுற்றளவு. வாங்கியவர் அதைத் தன் உடம்பளவு என்று எடுத்துக்கொண்டார். கடையில் டேப் வைத்து அளந்து, லூஸ் நாலு இஞ்ச் விட்டுத் தைப்பவள் நான். ஆன்லைனில் டேப் வைக்க ஆள் இல்லை. இப்போது "உடம்பளவு 40, நைட்டி அளவு 44" என்று தனித்தனியாகப் போட்டுவிட்டேன்.

இதை எந்த எக்செல் மேதை கண்டுபிடிப்பார்? டைட் என்றால் என்ன என்று தெரிய பத்து வருஷம் தைத்திருக்க வேண்டும். பேரம் பேசி இருபது ரூபாய் குறைத்துவிட்டு, ஆல்ட்ரேஷன் சும்மா செய்து தரச் சொல்லும்போது மட்டும் நான் கைதேர்ந்த டெய்லர். ரிப்போர்ட் புரியவில்லை என்றால் முட்டாள்.

அப்புறம், அந்தக் கமெண்ட் போட்ட தம்பி, உங்கள் அம்மாவின் இரண்டு ரவிக்கையும் போன வியாழனே தயார். பாக்கி 150.